எதில் பாதி?

பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் என் தங்கை மகள், இயற்பியல் பயிற்சித்தாள் ஒன்றைச் செல்போனில் படமெடுத்து அனுப்பியிருந்தாள். தாளில் பாதியை ஒரு வரைபடம் அடைத்திருந்தது. கிடைமட்ட அச்சில் 0 முதல் 40 வரை நாள்கள். செங்குத்து அச்சில் 0 முதல் 900 வரை, கைகர் எண்ணி ஒரு நிமிடத்தில் பதிவுசெய்யும் எண்ணிக்கை. இடப்பக்கம் 840-இல் தொடங்கும் வளைகோடு முதலில் செங்குத்தாகச் சரிகிறது. போகப் போகச் சோம்பி, 40-ஆம் நாளில் 65-க்கு அருகே ஏறத்தாழப் படுத்துவிடுகிறது. படத்துக்குக் கீழே சிறிய எழுத்தில் ஒரு வரி: பொருள் அயோடின்-131, பின்னணி எண்ணிக்கை நிமிடத்துக்கு 40.

அவள் கேட்டது இது. "மாமா, 840-ல பாதி 420. அங்கேர்ந்து கோட்டைத் தொட்டுக் கீழே இறங்கினா எட்டரை நாளுக்கு மேல வருது. புத்தகத்துல அயோடினுக்கு எட்டு நாள்னு போட்டிருக்கே. படம் தப்பா?"

படம் சரிதான். அவள் பாதியாக்கிய எண்ணில்தான் சிக்கல் இருக்கிறது. அரை ஆயுட்காலக் கணக்குகளில் மாணவர்கள் சறுக்கும் இடங்களில் பெரும்பாலானவற்றுக்கு இந்த ஒரே கேள்வி போதும்: பாதி என்கிறோமே, எதில் பாதி?

முதலில் அந்த வளைகோடு எதைக் காட்டுகிறது என்று பார்ப்போம். அயோடின்-131 அணுவின் கரு நிலையற்றது. ஏதோ ஒரு கணத்தில் அது ஒரு பீட்டா துகளை, அதாவது ஓர் எலக்ட்ரானை, வெளியே தள்ளிவிட்டு செனான்-131 ஆக மாறுகிறது. கூடவே பெரும்பாலும் காமா கதிரும் வெளிப்படும். செனான்-131 நிலையானது, அதற்கு மேல் மாறாது. ஆகவே எட்டு நாளில் பாதி அயோடின் "போய்விட்டது" என்றால், பொருளே மறைந்துவிட்டதாக ஆகாது. அயோடினாக இருந்தது செனானாக ஆகியிருக்கிறது, அவ்வளவுதான். 8 கிராம் அயோடின் எட்டு நாளில் 4 கிராம் ஆகிறது என்று எழுதினால், மீதி 4 கிராம் செனானாக இருக்கிறது என்பதையும் சேர்த்துப் புரிந்துகொள்ள வேண்டும்.

ஓர் அணு எப்போது சிதையும் என்பதை யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. இன்னும் வியப்பானது, அணுவுக்கு முதுமை கிடையாது. நேற்று உருவான அயோடின் அணுவுக்கும் ஒரு மாதமாகச் சிதையாமல் தாக்குப்பிடித்த அணுவுக்கும் அடுத்த 24 மணி நேரத்தில் சிதையும் வாய்ப்பு ஒன்றேதான்: ஏறத்தாழ நூற்றுக்கு 8.3. நாணயத்தைச் சுண்டும்போது முன்பு பத்து முறை தலை விழுந்தது என்பதற்காகப் பதினோராம் முறை பூ விழும் வாய்ப்பு கூடுவதில்லை அல்லவா, அதைப் போலத்தான். ஆனால் அணுக்கள் கோடிக்கணக்கில் இருக்கும்போது இந்தத் தனித்தனித் தற்செயல்கள் சேர்ந்து மிக ஒழுங்கான ஒரு கோட்டை வரைந்துவிடுகின்றன. இருப்பதில் நூற்றுக்கு 8.3 பங்கு ஒவ்வொரு நாளும் குறைகிறது. இருப்பு குறையக் குறைய, குறையும் அளவும் சிறுத்துக்கொண்டே வருகிறது. கோடு முதலில் சரிந்து பிறகு சோம்புவதற்குக் காரணம் இதுதான். எங்கே நின்று பார்த்தாலும் இருப்பது பாதியாக அதே எட்டு நாள்தான் (துல்லியமாகச் சொன்னால் 8.02 நாள்) ஆகிறது.

இதை முதன்முதலில் அளந்து வெளியிட்டவர் எர்னெஸ்ட் ரதர்ஃபோர்டு. கனடாவின் மான்ட்ரியால் நகரில் மெக்கில் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய காலத்தில், தோரியம் சேர்மங்களிலிருந்து கதிரியக்கமுள்ள ஏதோ ஒன்று வாயுவைப் போலக் கசிந்து வெளிவருவதைக் கவனித்தார். அதைத் தோரியத்திலிருந்து பிரித்துத் தனியே ஒரு கலத்துக்குள் செலுத்தி, காற்றில் அது உண்டாக்கும் மின்னோட்டத்தை அளந்தார். சுமார் ஒரு நிமிடத்தில் மின்னோட்டம் பாதியானது. அடுத்த நிமிடத்தில் அந்தப் பாதியும் பாதியானது. 1900-இல் அவர் வெளியிட்ட கட்டுரையில் இந்தச் சரிவு இடம்பெற்றது. அந்த வாயுவை இன்று ரேடான்-220 என்கிறோம். அதன் அரை ஆயுட்காலம் 55.6 வினாடி. பள்ளிப் பயிற்சித்தாளில் உள்ள வளைகோடு அன்றைய அந்தச் சரிவின் நேர்வாரிசு.

இப்போது 840-க்கு வருவோம். கைகர் எண்ணியை வெறும் மேசைமேல் வைத்தாலும் அது சும்மா இருப்பதில்லை. மண்ணிலும் சுவரிலும் உள்ள யுரேனியம், தோரியம், பொட்டாசியம் ஆகியவற்றிலிருந்து வரும் கதிர்கள், வானிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் எல்லாம் அதைத் தட்டிக்கொண்டே இருக்கும். அந்த அறையில் அது நிமிடத்துக்கு 40. அயோடின் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது 40-தான், நாள் போகப் போகக் குறைவதும் இல்லை. ஆகவே தொடக்கத்தில் எண்ணி காட்டிய 840-இல் அயோடினின் பங்கு 800 மட்டுமே. பாதியாவது அந்த 800. 400 ஆன அயோடினோடு குறையாத 40 சேர்ந்து, எண்ணி 440 காட்டும். 440-லிருந்து வளைகோட்டுக்குப் போய்க் கீழே இறங்கினால் 8-ஆம் நாளில் கால் ஊன்றும்.

படத்தின் அடியில் அந்தச் சிறிய வரி இல்லாதிருந்தால் இந்தத் தவற்றை அவள் எப்படிக் கண்டுபிடித்திருக்க முடியும்? இங்கேதான் வளைகோடு தனக்குத்தானே சாட்சி சொல்கிறது. 840-லிருந்து 420-க்கு வர சுமார் 8.6 நாள் ஆகிறது. 420-லிருந்து 210-க்கு வர 9.3 நாள். 210-லிருந்து 105-க்கு வர 11 நாளுக்கு மேல். உண்மையான சிதைவில் இந்த இடைவெளி மாறவே கூடாது. ஒவ்வொரு பாதிக்கும் ஆகும் காலம் நீண்டுகொண்டே போனால், குறையாத ஏதோ ஒன்று எண்ணிக்கையில் கலந்திருக்கிறது என்று பொருள். பின்னணியைக் கழித்துவிட்டுப் பாருங்கள்: 440, 240, 140, 90 என்ற அளவுகளை வளைகோடு 8, 16, 24, 32-ஆம் நாள்களில் தொடுகிறது. எட்டு எட்டாக, பிசகில்லாமல். மாறாகப் பின்னணி 40 என்பதற்குப் பதில் 60 என்று அதிகமாகக் கழித்துவிட்டால் இடைவெளிகள் நீளாமல் குறுகிக்கொண்டே வரும். அதனால் அரை ஆயுட்காலத்தை ஒரே ஓர் இடத்தில் அளந்து விடை எழுதிவிடக் கூடாது. குறைந்தது மூன்று இடத்திலாவது அளந்து, அவை ஒத்துப்போகின்றனவா என்று பார்க்க வேண்டும். ஆசிரியர்கள் சராசரி எடுக்கச் சொல்வார்கள். என்னைக் கேட்டால், சராசரிக்கு முன்னால் அந்த மூன்று எண்களும் ஒரே பக்கமாக நகர்கின்றனவா என்று பார்ப்பதுதான் முக்கியம். 8.6, 9.3, 11.1 என்ற மூன்றையும் சராசரியாக்கினால் 9.7 என்ற அழகான, முற்றிலும் தவறான விடை கிடைக்கும்.

அடுத்த சங்கடம் பயிற்சித்தாளில் இல்லை, அதை எடுத்த படத்தில் இருக்கிறது. மேசைமேல் கிடக்கும் தாளைச் சாய்வாகப் பிடித்துப் படமெடுத்தால் தாளின் மேல் விளிம்பு கேமராவிலிருந்து தள்ளிப்போகிறது. தள்ளியிருப்பது சிறிதாகத் தெரியும். அச்சடித்த தாளில் எல்லாக் கட்டங்களும் ஒரே உயரம். படத்தில் மேல்வரிசைக் கட்டங்கள் குறுகியும் கீழ்வரிசைக் கட்டங்கள் பெருத்தும் இருக்கும். செல்போன் திரையில் அடிமட்டத்தை வைத்து 40-க்கும் 840-க்கும் இடையே உள்ள உயரத்தைச் சரிபாதியாகப் பிரித்தால், அந்தப் புள்ளி 440-இல் விழாது. கீழே இருக்கும் பெரிய கட்டங்கள் அதிக இடத்தை எடுத்துக்கொள்வதால் அது 440-க்குக் கீழே, சாய்வைப் பொறுத்து 400-க்குப் பக்கத்தில்கூட விழலாம். 400-க்கு உரிய நாளைப் படித்தால் 9.2 வரும். பின்னணியைச் சரியாகக் கழித்த பிறகும் ஒரு நாளுக்கு மேல் பிழை.

இதற்கு மாற்று எளியது. தட்டையான தாளைச் சாய்த்துப் படமெடுத்தாலும் அதில் உள்ள நேர்கோடுகள் நேர்கோடுகளாகவே இருக்கும். கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடங்களும் மாறாது. நீளங்களும் நடுப்புள்ளிகளும்தான் மாறும். எனவே திரையில் சென்டிமீட்டரை அளக்காமல், அச்சிட்ட கட்டக்கோட்டின் வழியாகவே போக வேண்டும். 400 என்று எழுதிய கோட்டையும் 500 என்று எழுதிய கோட்டையும் கண்டுபிடித்து, இடையில் உள்ள சிறு கட்டங்களை எண்ணி 440-ஐ அடைந்து, அந்தக் கோட்டின் மேலேயே நடந்து வளைகோட்டைத் தொட்டு, அங்கிருந்து நெடுக்குக் கட்டக்கோட்டின் வழியாகவே கீழே இறங்க வேண்டும். அந்த நெடுக்குக்கோடு திரையில் சாய்ந்திருந்தாலும் அதன் சாய்வோடு இறங்குவதுதான் சரி, திரைக்கு நேர்செங்குத்தாக இறங்குவது தவறு. தாள் கசங்கியோ புத்தகத்தின் நடுமடிப்பில் வளைந்தோ இருந்தால் நேர்கோடே வளைந்து தெரியும். அப்போதும் கட்டக்கோட்டைப் பின்பற்றினால் பெரும்பாலும் தப்பிக்கலாம். படத்தை வெட்டி அனுப்பும்போது அச்சின் அடி எண்ணையும் சேர்த்து வெட்டிவிடுகிறார்கள் பிள்ளைகள். செங்குத்து அச்சு 0-இல்தான் தொடங்குகிறது என்று நாமாக எண்ணிக்கொள்ளக் கூடாது. சில தாள்களில் அது 50-லிருந்தோ 100-லிருந்தோ தொடங்கும். அப்படிப்பட்ட படத்தில் உயரத்தைப் பாதியாக்குவது எண்ணிக்கையைப் பாதியாக்குவதாகாது.

பயிற்சித்தாளின் இரண்டாவது கேள்வி: 20-ஆம் நாளில் எண்ணி என்ன காட்டும்? இருபதை எட்டால் வகுத்தால் இரண்டரை. இரண்டு அரை ஆயுட்காலம் முடிந்தபோது அயோடினின் பங்கு 200, மூன்று முடிந்தால் 100. இரண்டரை என்றால் நடுவே 150 என்று கை தானாக எழுதிவிடும். ஆனால் காலத்தில் நடுவில் இருப்பது எண்ணிக்கையில் நடுவில் இருக்காது. எட்டு நாளில் நூறு குறைகிறது என்றால் முதல் நான்கு நாளில் அதிகமாகவும் பின் நான்கு நாளில் குறைவாகவும் குறைகிறது, ஏனென்றால் முன்பாதியில் சிதைவதற்கு அணுக்கள் கூடுதலாக இருந்தன. கணக்கு இப்படி வரும்:

A = A₀ × (1/2)^(t/T)

இதில் A₀ தொடக்க அளவு, t கடந்த காலம், T அரை ஆயுட்காலம். 800-ஐ இரண்டின் 2.5 அடுக்கால், அதாவது 5.66-ஆல் வகுக்க, 141 கிடைக்கும். இது அயோடினின் பங்கு மட்டும். கேட்டது எண்ணி காட்டும் அளவு என்பதால் கழித்த 40-ஐத் திரும்பச் சேர்க்க வேண்டும்: 181. கழித்ததைத் திரும்பச் சேர்க்க மறப்பது, முதலிலேயே கழிக்க மறப்பதற்கு அடுத்தபடியாக நான் அதிகம் பார்க்கும் தவறு. கணக்கு முடிந்ததும் வரைபடத்துக்குப் போய் 20-ஆம் நாளில் கோடு எங்கே இருக்கிறது என்று பார்த்தால் போதும். 181-ஐ ஒட்டி இருந்தால் சரி.

இதையே தலைகீழாகக் கேட்பதும் உண்டு: அயோடினின் பங்கு 60 ஆக எத்தனை நாள் ஆகும்? 800-ஐ 60-ஆல் வகுத்தால் 13.3. இரண்டை எத்தனை முறை பெருக்கினால் 13.3 வரும்? மூன்று முறை பெருக்கினால் 8, நான்கு முறை பெருக்கினால் 16. ஆகவே விடை மூன்றுக்கும் நான்குக்கும் இடையில், அதாவது 24-க்கும் 32-க்கும் இடைப்பட்ட ஒரு நாளில். இவ்வளவும் மனக்கணக்கிலேயே தெரிந்துவிடுகிறது. மடக்கை அட்டவணையில் 13.3-க்கு உரிய எண்ணை 2-க்கு உரிய எண்ணால் வகுத்தால் 3.74, எட்டால் பெருக்கினால் ஏறக்குறைய 30 நாள். மடக்கை போடுவதற்கு முன் அந்த இரண்டு எல்லைகளையும் எழுதிவைத்துவிட்டால், கால்குலேட்டரில் விரல் தவறி 3 நாள் என்றோ 300 நாள் என்றோ வந்தாலும் ஏமாற மாட்டோம்.

அச்சிட்ட தாளில் வளைகோடு வழுவழுப்பாக இருக்கிறது. நிஜ ஆய்வகத்தில் அப்படி வராது. ஒரே பொருளை அடுத்தடுத்த நிமிடங்களில் எண்ணினால் ஒருமுறை 825, இன்னொரு முறை 861 என்று வரும். கருவி கெட்டுப்போகவில்லை, சிதைவின் தற்செயல் இயல்பு அது. எண்ணிக்கை எவ்வளவோ, அதன் வர்க்கமூலம் அளவுக்கு அது இங்குமங்கும் ஆடும் என்பது பொது விதி. 840-க்கு அந்த ஆட்டம் சுமார் 29. அளவோடு ஒப்பிட்டால் சிறிது, நாள் கணக்கில் அரை நாளுக்கும் குறைவான பிழையே வரும். 32-ஆம் நாளில் நிலைமை வேறு. எண்ணி காட்டுவது 90, அதில் பின்னணி 40. இரண்டுமே ஆடுகின்றன. மிஞ்சும் 50-இல் ஏறத்தாழ 11 அளவுக்கு ஐயம் இருக்கும். நாள் கணக்கில் அது இரண்டரை நாள். வளைகோட்டின் வால்பகுதியில் அளக்கும் அரை ஆயுட்காலத்தை அதிகம் நம்பக் கூடாது என்பது இதனால்தான். நிமிடக்கணக்கில் எண்ணாமல் பத்து நிமிடம் எண்ணினால் ஆட்டம் ஒப்பளவில் மூன்றில் ஒரு பங்காகக் குறையும், அதனால் வால்பகுதிக்கு அதிக நேரம் ஒதுக்குவதே நல்ல ஆய்வாளரின் வழக்கம். புள்ளிகளைக் குறித்த பிறகு ஒவ்வொரு புள்ளியையும் தொட்டுக் கோடு போடுவதும் தவறு. சில புள்ளிகள் மேலும் சில கீழுமாக அமையும்படி நடுவே ஓடும் வளைகோடுதான் சரியானது.

பயிற்சித்தாளில் அயோடின் ஒரு கண்ணாடிக் குப்பியில் இருக்கிறது. உண்மையில் அயோடின்-131 அதிகம் போவது மருத்துவமனைகளுக்கு, தைராய்டு மிகைச் சுரப்புக்கும் தைராய்டு புற்றுநோய்க்கும் சிகிச்சையாக. கழுத்தில் உள்ள அந்தச் சுரப்பி அயோடினை எங்கிருந்தாலும் இழுத்துக்கொள்ளும். கதிரியக்க அயோடின் என்று பிரித்துப் பார்க்கத் தெரியாமல் அதையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும், அதன் பீட்டா துகள்கள் அங்கேயே திசுக்களை அழிக்கும். இப்போது அதே வளைகோட்டை நோயாளியின் கழுத்தருகே எண்ணியை வைத்து வரைந்தால், பாதியாவதற்கு எட்டு நாள் ஆகாது. அயோடின் இரண்டு வழிகளில் குறைகிறது. சிதைந்து செனானாவது ஒன்று, உடல் அதைச் சுரப்பியிலிருந்து மெல்ல வெளியேற்றுவது இன்னொன்று. ஆரோக்கியமான சுரப்பி தன்னிடமுள்ள அயோடினில் பாதியை வெளியேற்ற சுமார் 80 நாள் எடுத்துக்கொள்வதாகப் பாடநூல்கள் கொள்கின்றன. இரு வழிகளும் ஒரே நேரத்தில் நடப்பதால், காலங்களைக் கூட்டக் கூடாது, வேகங்களைத்தான் கூட்ட வேண்டும். எட்டில் ஒன்றையும் எண்பதில் ஒன்றையும் கூட்டினால் எண்பதில் பதினொன்று. அதைத் தலைகீழாக்கினால் 7.3 நாள். மிகைச் சுரப்பு உள்ளவர்களின் சுரப்பி வேகமாக வெளியேற்றும். பாதியை 24 நாளில் வெளியேற்றிவிடும் ஒருவருக்கு இதே கணக்கில் 6 நாள் வரும். கூட்டு வேகம் எப்போதும் இரண்டு வேகங்களையும்விடப் பெரிதாகவே இருக்கும் என்பதால், விளையும் அரை ஆயுட்காலம் இரண்டு காலங்களையும்விடச் சிறிதாகவே இருக்கும். அப்படி வராவிட்டால் எங்கோ காலங்களைக் கூட்டியிருக்கிறோம்.

கதிரியக்க மருந்து கலந்த கழிவுகளை என்ன செய்வது என்பதும் இதே வளைகோட்டில்தான் எழுதியிருக்கிறது. அரை ஆயுட்காலம் குறைவான பொருள்களுக்கு வழக்கத்தில் உள்ள ஓர் அளவு, பத்து அரை ஆயுட்காலம் பூட்டிவைப்பது. அயோடினுக்கு அது 80 நாள். பத்து முறை பாதியானால் 1024-இல் ஒரு பங்கு. நம் குப்பியின் 800 அப்போது ஒன்றுக்கும் கீழே, 0.8 ஆகியிருக்கும். எண்ணி 40-ஐச் சுற்றி ஆறு ஏழு கூடியும் குறைந்தும் காட்டிக்கொண்டிருக்கும், அந்த ஆட்டத்துக்குள் 0.8-ஐப் பிரித்துக் காட்ட அதனால் முடியாது. அதற்காக அயோடின் தீர்ந்துவிட்டது என்று சொல்ல முடியுமா? குப்பியில் தொடக்கத்தில் வினாடிக்கு 37,000 அணுக்கள் சிதைந்தன என்று வைத்துக்கொள்வோம். பழைய அலகில் அது ஒரு மைக்ரோகியூரி, பள்ளி ஆய்வகங்களின் கதிர்மூலங்களில் வழக்கமாக இருக்கும் அளவை ஒட்டியது. அந்த வேகத்தில் சிதைய வேண்டுமானால் குப்பிக்குள் ஏறத்தாழ 3,700 கோடி அயோடின் அணுக்கள் இருந்தாக வேண்டும். 80 நாள் கழித்து அவற்றில் சுமார் 3.6 கோடி அணுக்கள் இன்னும் அயோடினாகவே இருக்கும், வினாடிக்கு 36 வீதம் சிதைந்துகொண்டு. கணக்குப்படி அது ஒரே ஓர் அணுவாகக் குறைவதற்கு முப்பத்தைந்து அரை ஆயுட்காலம், அதாவது ஒன்பது மாதத்துக்குச் சற்று மேல் ஆகும். அதற்கு அப்பால் வளைகோட்டை நீட்டி அரை அணு, கால் அணு என்று படிக்க முடியாது. அந்தக் கடைசி அணு நாளைக்கே சிதையலாம், அடுத்த மாதமும் அப்படியே இருக்கலாம்.